துடைக்கச் சொன்னால் கழுவுகிறார்கள்: வெல்ட் சோதனைச் செய்முறையைத் தமிழாக்கும் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழாக்கக் குழுவினருக்கு,

வணக்கம். திருச்சி துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் 22 வருடமாக வெல்ட் சோதிக்கிறவன் நான். சாயம் போட்டு விரிசல் பார்க்கும் டை பெனட்ரன்ட், ஒலி அனுப்பி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் இரண்டிலும் லெவல் டூ தகுதி பெற்றவன். சனிக்கிழமைகளில் உங்கள் மையத்தில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். நீங்கள் தயாரித்த தமிழ் வரைவு போன மாதம் கைக்கு வந்தது. ஐ.டி.ஐ. முடித்து வருகிற பிள்ளைகள் இங்கிலீஷ் செய்முறையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதையும், கையில் டப்பாவைக் கொடுத்தால் விழிப்பதையும் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். அதனால் வரைவைக் கண்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அப்படியே வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். மற்ற மையங்களிலும் இதே வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு இருக்கிறது. 10 மி.மீ. கனம், நடுவில் ஒரு வெல்ட். அந்த வெல்ட் முடியும் இடத்தில், வெல்டர் ஆர்க்கை வெடுக்கென்று எடுத்ததால் விழுந்த சின்னப் பள்ளத்துக்குள், ஒரு விரிசல். 6 மி.மீ. இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டால் சிவப்பாக எழும்பி வரும். எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. அன்றைக்கு ஏமாற்றியது.

வரைவை வைத்துக்கொண்டு சோதித்த பையன் கெட்டிக்காரன். சுத்தம் செய்தான், உலர விட்டான், சிவப்புச் சாயம் அடித்தான், கடிகாரம் பார்த்து 10 நிமிடம் காத்திருந்தான். அப்புறம் கிளீனர் டப்பாவை எடுத்துத் தட்டின் மேல் நேராகப் பீய்ச்சினான். சிவப்பு ஓடி வழிந்து தட்டு பளிச்சென்று ஆனது. டெவலப்பர் அடித்தான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, ஒரு கோடு இல்லை. "சார், ஓ.கே." என்றான். ஏன் பீய்ச்சினாய் என்று கேட்டேன். வரைவைத் திருப்பிக் காட்டினான்: "மேற்பரப்பில் எஞ்சியுள்ள ஊடுருவியைக் கரைப்பான் கொண்டு கழுவி நீக்கவும்."

அவன் மேல் என்ன தப்பு? சொன்னதைச் செய்தான்.

இங்கிலீஷ் செய்முறை அந்த இடத்தில் சொல்வது வேறு. ஏ.எஸ்.எம்.இ. கோடின் ஐந்தாம் பிரிவு, ஆறாவது ஆர்ட்டிக்கிளை வைத்து எழுதிய செய்முறை அது. டப்பாவில் வரும் சாயத்துக்கு அதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் காய்ந்த துணியாலோ உறிஞ்சும் தாளாலோ, சாயம் பெரும்பாலும் போகும்வரை துடைக்க வேண்டும். அப்புறம் கிளீனரைத் துணியில் நனைத்து, மிச்சமிருக்கும் சாயத்தை லேசாகத் துடைக்க வேண்டும். இதோடு ஒரு தடையும் உண்டு: சாயம் போட்டதற்குப் பிறகு, டெவலப்பர் போடுவதற்கு முன், கிளீனரைப் பரப்பின் மேல் ஊற்றவோ பீய்ச்சவோ கூடாது. விரிசலின் வாய் தலைமுடியைவிட மெல்லியதாகக்கூட இருக்கும். அதற்குள் ஊறிப்போன சாயம் கடுகளவுகூட இருக்காது. கிளீனர் உள்ளே இறங்கினால் அதையும் கரைத்துக்கொண்டு வந்துவிடும். பிறகு டெவலப்பர் எதை உறிஞ்சி மேலே கொண்டுவரும்?

உங்கள் வரைவில் இரண்டு கட்டமும் ஒரே "கழுவி நீக்கவும்" ஆகிவிட்டன. தடை வாக்கியம் மூன்று பத்தி தள்ளி, "கரைப்பான் கொண்டு பாய்ச்சுதல் தவிர்க்கப்பட வேண்டும்" என்று நிற்கிறது. பாய்ச்சுதல் என்றால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுதான் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். அதை இந்த டப்பாவோடு யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

நான் அந்த இடத்தை இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"காய்ந்த துணியால் ஒரே திசையில் துடைக்கவும். துணியில் சிவப்பு லேசாக மட்டுமே ஒட்டும்வரை, துணியை மாற்றி மாற்றித் துடைக்கவும். பிறகு வேறு துணி எடுத்து, கிளீனரைத் துணியில் அடிக்கவும். துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக் கூடாது. அந்தத் துணியால் லேசாக ஒருமுறை துடைக்கவும். கிளீனரைத் தட்டின் மேல் அடிக்கவே கூடாது."

அடுத்த சனிக்கிழமை அதே தட்டு, வேறு ஒரு பெண். சிவப்புக் கோடு வந்தது. இடையில் நான் ஒரு வேலை செய்ய வேண்டியிருந்தது. முந்தைய சாயமும் டெவலப்பர் தூளும் விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், தட்டைக் கிளீனரில் ஊறப்போட்டு நன்றாக உலர்த்தினேன். திரும்பச் சோதிப்பதற்கு முன் இப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் வரைவில் தெளிவாக இல்லை. சேர்த்துவிடுங்கள்.

துணியைப் பற்றி இன்னொன்று. "பஞ்சற்ற துணி" என்று போட்டிருக்கிறீர்கள். பஞ்சு இல்லாத துணி என்றால் பாலியெஸ்டரா என்று ஒரு பையன் கேட்டான். துணி எதனால் நெய்தது என்பது இங்கே பேச்சே இல்லை. இழை உதிர்ந்து வெல்டின் சொரசொரப்பில் மாட்டக் கூடாது, அவ்வளவுதான். மாட்டிய இழை சாயத்தைப் பிடித்துக்கொண்டு, டெவலப்பரில் விரிசல் மாதிரியே சிவப்புக் கோடு காட்டும். "நூல் உதிராத துணி, வேஸ்ட் பஞ்சு கூடாது" என்று எழுதினால் பட்டறையில் எல்லோருக்கும் புரியும்.

இங்கே வினைச்சொல் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் வரைவின் பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. இங்கிலீஷ் கோடில் கட்டாயம், பரிந்துரை, அனுமதி மூன்றுக்கும் மூன்று துணைவினை உண்டு. கட்டாயத்தை மீறினால் சோதனை செல்லாது. பரிந்துரையை மீறினால் காரணம் சொல்ல வேண்டிவரும். அனுமதி நம் இஷ்டம். வரைவில் முதல் இரண்டுக்குமே "வேண்டும்" வருகிறது. தமிழில் "வேண்டும்" இரண்டையும் தாங்கும், அதுதான் ஆபத்து. கட்டாயத்துக்கு "கட்டாயம் செய்யவும்", பரிந்துரைக்கு "செய்வது நல்லது", அனுமதிக்கு "செய்யலாம்", தடைக்கு "கூடாது" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, கடைசி வரை மாறாமல் போங்கள். நடை அழகுக்காக ஓரிடத்தில் "தவிர்க்கவும்", இன்னோரிடத்தில் "உகந்ததன்று" என்று மாற்றினால், படிக்கிறவன் இரண்டும் வேறு வேறு என்று நினைப்பான். அவன் அப்படி நினைப்பதுதான் சரியும்கூட.

"செய்யப்பட வேண்டும்" என்பதையும் எடுத்துவிடுங்கள். "மேற்பரப்பு உலர்த்தப்பட வேண்டும்" என்று படித்த ஒருத்தி, வேறு யாரோ உலர்த்திக் கொடுப்பார்கள் என்று நின்றாள். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் வாக்கியம் அப்படித்தான் சொல்கிறது.

நேரக் கணக்கிலும் ஒரு வழுக்கல். ஈர டெவலப்பரில் நேரத்தை எண்ணத் தொடங்குவது அடித்த நொடியிலிருந்து இல்லை, பூச்சு காய்ந்ததிலிருந்து. காய்ந்த பின் 10 நிமிடம் ஆவதற்கு முன்னும் தீர்ப்புச் சொல்லக் கூடாது, 60 நிமிடம் தாண்டியும் சொல்லக் கூடாது. வரைவில் "டெவலப்பர் இட்ட 10 முதல் 60 நிமிடங்களுக்குள் ஆய்வு செய்யவும்" என்று இருக்கிறது. "காய்ந்த பின்" என்பது காணாமல் போய்விட்டது. அத்தோடு, தீர்ப்புக்குத்தான் பத்து நிமிடம், பார்ப்பதற்கு இல்லை. அடிக்கும்போதே கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். எந்த இடத்திலிருந்து சிவப்பு முதலில் எட்டிப் பார்த்தது என்பது அப்போதுதான் தெரியும். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், நிறையச் சாயம் குடித்த ஒரு விரிசல் பரவிப்போய் வட்டமான திட்டாக உட்கார்ந்திருக்கும்.

சொற்களில் "நேரம் கொடுத்தல்", "இருத்தல் நேரம்" என்றெல்லாம் முயன்றிருக்கிறீர்கள். சாயம் உள்ளே போகக் காத்திருக்கும் நேரத்துக்கு "ஊறும் நேரம்" போதாதா? அரிசி ஊறுகிறது, துணி ஊறுகிறது, சாயமும் ஊறுகிறது. ஏன் காத்திருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடும். இது நான் கண்டுபிடித்ததில்லை. வகுப்பில் ஒரு பெண், "இன்னும் ஊறல சார்" என்று தானாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, அடுத்தது கொஞ்சம் பெரிய விஷயம். அந்தத் தட்டில் சிவப்புக் கோடு எழும்பியதும் ஸ்கேலை வைக்கச் சொன்னேன். 9 மி.மீ. வந்தது. விரிசல் 6 மி.மீ.தான் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள் குழம்பினார்கள். "விரிசலின் நீளத்தை அளந்து பதிவு செய்யவும்" என்று வரைவு சொல்கிறது. எதை எழுதுவது, ஆறா ஒன்பதா?

இங்கிலீஷ் மூலம் இந்த இடத்தில் விரிசல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் சிவப்புத் தடத்துக்கு ஒரு சொல், உலோகத்துக்குள் இருக்கும் முறிவுக்கு ஒரு சொல், கோடின்படி ஏற்கக் கூடாததுக்கு மூன்றாவதாக ஒரு சொல் என்று பிரித்து வைத்திருக்கிறது. சோதிக்கிறவன் பார்ப்பது முதலாவதை மட்டும்தான். காய்ச்சலைப் பார்த்து நோயை ஊகிக்கிற மாதிரி. எனவே முதலாவதற்கு "அறிகுறி" என்ற சொல்லையே பரிந்துரைக்கிறேன். இரண்டாவதற்குக் "குறை". மூன்றாவதற்கு "ரிஜெக்ட் ஆகும் குறை". பட்டறையில் யாரும் "நிராகரிக்கத்தக்க வழு" என்று சொல்லப்போவதில்லை. வரைவில் மூன்றுக்கும் இஷ்டம்போல விரிசல், குறைபாடு, பழுது, கீறல் எல்லாம் மாறி மாறி வருகின்றன.

பிரஷர் வெசலுக்கான எட்டாம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: அறிகுறி, அதை உண்டாக்கிய குறையைவிடப் பெரிதாக இருக்கலாம், ஆனாலும் ஏற்பதா தள்ளுவதா என்பதற்கு அறிகுறியின் அளவே கணக்கு. அப்படியானால் ரிப்போர்ட்டில் 9 மி.மீ. என்றுதான் எழுத வேண்டும். அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீளம் இருந்தால் அது நீள் அறிகுறி, மூன்று மடங்கோ அதற்குக் குறைவோ என்றால் வட்ட அறிகுறி. 1.5 மி.மீ.யைத் தாண்டாத எதையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. தாண்டிய நீள் அறிகுறி ஒன்று இருந்தாலும் ரிஜெக்ட். வட்ட அறிகுறியாக இருந்தால் 5 மி.மீ.யைத் தாண்டியது ரிஜெக்ட். 5-க்கு உட்பட்டவையும் நான்கோ அதற்கு மேலோ ஒரே வரிசையில், விளிம்புக்கு விளிம்பு 1.5 மி.மீ. அல்லது அதற்கும் நெருக்கமாக நின்றால் ரிஜெக்ட். இந்தக் கணக்கில் "அறிகுறி" வர வேண்டிய இடத்தில் "விரிசல்" என்று போட்டால் பத்தியே உளறலாகிவிடும். "வட்ட விரிசல் 5 மி.மீ. வரை ஏற்கத்தக்கது" என்று உங்கள் 14-ஆம் பக்கத்தில் உண்மையாகவே இருக்கிறது. எந்த விரிசலும் ஏற்கத்தக்கதில்லை என்று நான் வகுப்பில் தலைகீழாக நின்று சொல்கிறேன்!

"கீறல்" என்ற சொல்லை எங்குமே வைக்காதீர்கள். சுவரில் கீறல் என்றால் விரிசல். வண்டியில் கீறல் என்றால் மேலோட்டமான கோடு. கிரைண்டர் இழுத்த கோட்டையும் விரிசலையும் பிரித்தறிவதே இந்த வேலையில் பாதி. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் எப்படி?

இனி அல்ட்ராசோனிக். இங்கே என் புகார் இரண்டே.

முதலாவது, "தூரம்". 20 மி.மீ. தட்டு, நடுவில் பட் வெல்ட், ஒலியைச் சாய்வாக உள்ளே அனுப்பும் 70 டிகிரி புரோப். வெல்டிலிருந்து ஒரு எதிரொலி வருகிறது, திரையில் 73 மி.மீ. காட்டுகிறது. "குறையின் தூரத்தைக் குறித்துக்கொள்ளவும்" என்கிறது வரைவு. பையன் புரோபிலிருந்து ஸ்கேலை வைத்து 73 மி.மீ. தள்ளிச் சாக்பீஸால் புள்ளி வைத்தான்.

அந்த 73, ஒலி எஃகுக்குள் சாய்வாகப் போன பாதையின் நீளம். தட்டின் மேல் அளக்க வேண்டிய தூரம் வேறு, குறை இருக்கும் ஆழம் வேறு. கணக்கு இவ்வளவுதான்:

```
மேல்தூரம் = 73 × sin 70° = 68.6
நேர் ஆழம் = 73 × cos 70° = 25.0
தட்டு 20  →  உண்மை ஆழம் = 2 × 20 − 25 = 15
```

20 மி.மீ. தட்டில் 25 மி.மீ. ஆழத்தில் குறை இருக்க முடியாது. ஒலி 58.5 மி.மீ. போனதுமே அடிப்பரப்பைத் தொட்டுவிட்டது, அங்கே மோதித் திரும்பி மேலே வரும் வழியில்தான் குறையைக் கண்டிருக்கிறது. ஆகவே அது மேலிருந்து 15 மி.மீ., அடியிலிருந்து 5 மி.மீ. ரிப்பேருக்கு அடிப்பக்கத்திலிருந்து தோண்டினால் 5 மி.மீ. போதும். மேலிருந்து என்றால் 15 மி.மீ. தோண்டி, அதையும் நிரப்பி வெல்ட் செய்ய வேண்டும். பையன் வைத்த புள்ளியோ 4 மி.மீ.க்கு மேல் தள்ளிப் போயிருக்கிறது. வெல்டின் இந்தப் பக்கச் சுவரில் ஒட்டாமல் போனதா, அந்தப் பக்கச் சுவரிலா என்பதே மாறிவிடும்.

ஆகவே "தூரம்" என்று தனியாக எழுதாதீர்கள். "ஒலிப்பாதை", "மேல்தூரம்", "ஆழம்" என மூன்றும் மூன்று சொல்லாக இருக்கட்டும். மேல்தூரத்தை அளப்பது புரோபின் முன்விளிம்பிலிருந்து அல்ல, ஒலி வெளியேறும் புள்ளியிலிருந்து என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். சில கருவிகளில் திரையிலேயே SA, PA, DA என்று இந்த மூன்றும் வரும். அந்த எழுத்துகளை மொழிபெயர்க்க வேண்டாம். SA ஒலிப்பாதை, PA மேல்தூரம், DA ஆழம் என்று பக்கத்தில் போட்டால் போதும். தட்டின் கனத்தைக் கருவியில் ஏற்றாவிட்டால் DA நேர் ஆழத்தைத்தான் காட்டும், திரும்பி வந்த கணக்கு அதற்குத் தெரியாது. நம் கேஸில் 25 என்று காட்டியிருக்கும்.

இரண்டாவது, dB. ஸ்கேன் செய்யும்போது ரெஃபரன்ஸ் அளவுக்கு மேல் குறைந்தது 6 dB கூட்ட வேண்டும். வரைவில் அது "ஆறு மடங்கு உயர்த்தவும்" ஆகியிருக்கிறது. 6 dB என்றால் எதிரொலியின் உயரம் இரண்டு மடங்கு. ஆறு மடங்கு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 15.6 dB கூட்ட வேண்டும். அவ்வளவு கூட்டினால் திரையின் அடியில் இரைச்சல் கொசகொசவென்று எழும்பி, சின்ன எதிரொலி எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். அந்த இரைச்சலுக்கு இங்கிலீஷில் செல்லப்பெயர் புல். அதையும் நீங்கள் "திரையில் புல் தோன்றினால்" என்று பெயர்த்திருப்பதைப் படித்து வகுப்பே சிரித்தது. போகட்டும், "இரைச்சல்" என்று மாற்றிக்கொள்ளலாம்.

சிரிக்க முடியாதது இது: பட்டறையில் டை பெனட்ரன்ட் சோதனைக்கே "டி.பி." என்றுதான் பெயர். வரைவில் டெசிபெல்லும் "டி.பி.". "டி.பி. 6 கூட்டவும்" என்று படித்த ஒருவன் சாய டப்பாவைத் தேடினான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனால் என்ன அர்த்தம் என்று கேட்டது உண்மை. டை பெனட்ரன்ட்டைச் "சாயச் சோதனை" என்று வைத்துக்கொள்வோம். டெசிபெல்லைத் திரையில் இருக்கிறபடியே dB என்று விடுங்கள், வாயால் சொல்லும்போது டெசிபெல். 6 dB என்பது இரண்டு மடங்கு என்று ஒருமுறை புரிந்துவிட்டால், அப்புறம் குறையின் நீளம் அளக்கும் இடமும் தானாகப் புரியும். எதிரொலியின் உச்சத்திலிருந்து புரோபை நகர்த்தி, உயரம் பாதியாகும் இடத்தில் நிறுத்துகிறோமே, அதுவும் இதே 6 dB தான். ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம். கூட்டிய 6 dB-யை, தீர்ப்புக்கு முன் திரும்பக் குறைக்க வேண்டும் என்பதைத் தனி வரியாகப் போடுங்கள். அதை மறந்தால் ஏற்கத்தக்க எதிரொலிகூட இரட்டை உயரத்தில் நின்று பயமுறுத்தும்.

கிளீனர், டெவலப்பர், புரோப், கெயின் இவற்றுக்குத் தமிழ் தேடி நேரம் செலவழித்திருக்கிறீர்கள். எனக்குத் தமிழ் மேல் குறைந்த ஆசை இல்லை. ஆனால் டப்பாவின் மேலும் திரையிலும் ரிப்போர்ட் படிவத்திலும் இருப்பது அந்தச் சொற்கள்தான். "உருத்துலக்கி" என்று படித்துவிட்டு அலமாரியில் தேடினால் எந்த டப்பா கிடைக்கும்? பொருளின் பெயர் இருக்கிறபடி இருக்கட்டும். செய்கையும் நிபந்தனையும் நல்ல தமிழில் வரட்டும். தவறு நடப்பது அங்கேதான்.

அலுவல் ரீதியாக ஒன்றே ஒன்று. தமிழ்ப் பிரதியிலும் இங்கிலீஷ் செய்முறையின் அதே எண்ணும் ரிவிஷன் எண்ணும் இருக்க வேண்டும், லெவல் த்ரீ கையெழுத்தும் வேண்டும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். இங்கிலீஷ் மாறி, தமிழ் மாறாமல் சுவரில் தொங்குவதைவிடத் தமிழ்ப் பிரதி இல்லாமலே இருக்கலாம்.

கடைசியாக என் வேண்டுகோள். அடுத்த வரைவை மொழி அறிஞரிடம் காட்டுவதற்கு முன், செய்முறை தெரியாத ஒரு புது ஆளிடம் கொடுங்கள். பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் வரைவை மட்டும் படித்து என் தட்டைச் சோதிக்கட்டும். எந்த வரியில் கை நிற்கிறது, எந்த வரியில் தப்பாகப் போகிறது என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். தட்டை வரும் சனிக்கிழமை காலை கொண்டுவருகிறேன். சாயமும் கிளீனரும் டெவலப்பரும் மையத்தில் இருக்கின்றன, துணி மட்டும் நல்லதாக வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை வகுப்பு இன்ஸ்பெக்டர்
துவாக்குடி